காலக்கோட்டில் விளைவு முன்னால் வந்துவிட்டதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வரைகிற காலக்கோடு, பள்ளிக் கண்காட்சிக்குச் சார்ட்டில் எழுதி வருகிற மதுரை வரலாறு, இரண்டிலும் வருஷா வருஷம் அதே பிழைகள்தான் வருகின்றன. பிள்ளைகள் மாறுகிறார்கள், பிழை மாறுவதில்லை. அதனால் பிழையின் பெயரை வைக்காமல், தாளைப் பார்த்ததும் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், நேரம் தின்னும் காரணம் கடைசியில்.

தொடங்கும் முன் ஒரு பென்சிலும், நிகழ்வுகளை மறைக்கிற அளவுக்கு ஒரு துண்டு அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை ஆண்டு எண்களை மட்டும், இரண்டாம் முறை நிகழ்வுகளுக்கு நடுவே உள்ள ‘அதனால்’களை மட்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்தால் தெரிந்த கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், தப்பான எண்ணும் சரியாகவே தெரியும்.

## அறிகுறி 1: எண்கள் ஏறி இறங்குகின்றன

அட்டையால் நிகழ்வுகளை மறைத்துவிட்டு எண்களை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஏறிக்கொண்டே வந்த எண் எங்கே இறங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. திருத்தம் இப்போது வேண்டாம். எத்தனை புள்ளி விழுகிறது, எந்த மாதிரி விழுகிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு புள்ளிதான் என்றால் பெரும்பாலும் எழுத்துப் பிசகு. கான் சாகிப் என்கிற யூசுப் கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டது 1764. அது 1746 என்று வந்திருக்கும். இலக்கங்கள் அதேதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. புத்தகத்தைத் திறந்து பார்த்துத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். இதற்கு விளக்கம் சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

நாலைந்து நிகழ்வுக்கு ஒருமுறை எண் இறங்கி, மறுபடி ஒழுங்காக ஏறுகிறது என்றால் பிள்ளை பாடவாரியாக எழுதியிருக்கிறான். பாளையக்காரர் பாடத்தை முடித்துவிட்டு அடுத்த பாடத்தைத் திறந்திருப்பான், அந்தப் பாடம் மறுபடி பழைய காலத்திலிருந்து தொடங்கியிருக்கும். இதை அழித்து எழுதி, அம்புக்குறி போட்டு நுழைத்துச் சரிசெய்ய முயன்றால் தாள்தான் கிழியும். நிகழ்வுக்கு ஒரு துண்டுச் சீட்டாக எழுதி, தரையில் பரப்பி, அடுக்கி, புதிதாக ஒரு கோட்டில் ஏற்றுவதுதான் வேகமான வழி.

கோட்டின் தொடக்கத்தில் உள்ள கி.மு. பதிவுகளில் புள்ளியே விழாமல் எண் ஏறுகிறது என்றால் கி.மு. குழப்பம். அங்கே எண் குறைந்துகொண்டே வர வேண்டும். கீழடியின் கி.மு. 6ஆம் நூற்றாண்டை, அசோகரின் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு அடுத்து வைத்திருப்பார்கள். மூன்றுக்கு அப்புறம்தானே ஆறு என்கிற கணக்கு. நூற்றாண்டாக எழுதியிருப்பதை எண்ணாக விரித்து எழுதச் சொன்னால் சிக்கல் அவிழும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்பது கி.மு. 600 முதல் 501 வரை. கி.மு. 3ஆம் நூற்றாண்டு 300 முதல் 201 வரை. விரித்த பிறகு எது முந்தியது என்று யாரும் தடுமாறுவதில்லை.

கீழடியிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. சில தாள்களில் ‘கீழடி நாகரிகம் – 2014’ என்று இருக்கும். 2014இல் தொடங்கியது இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு. இரண்டு தேதிக்கும் கோட்டில் இடம் உண்டு, ஆனால் இரண்டு தனிப் பதிவாக, எது எதன் தேதி என்று எழுதியிருக்க வேண்டும்.

## அறிகுறி 2: ஒரே ஆண்டில் இரண்டு மூன்று நிகழ்வுகள் நெருக்கியடிக்கின்றன

எண் வரிசையில் இங்கே பிழையே தெரியாது. 1801, 1801, 1801 என்று மூன்று முறை வந்தால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் உள்ளே வரிசை கலைந்திருக்கும்.

மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது, திருச்சிராப்பள்ளிப் பிரகடனம், கர்நாடக உடன்படிக்கை, மூன்றும் 1801தான். மாணவர் எழுதும்போது தனக்கு நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுதுவார். சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை என்றால் மருது சகோதரர்கள்தான் முதலில் வருவார்கள். அப்படி எழுதினால் தூக்கிலிடப்பட்டவர்கள் பிறகு பிரகடனம் வெளியிட்டதாக ஆகிறது.

ஆண்டு ஒன்றாக இருக்கும் இடத்தில் மாதம் கட்டாயம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். மாதமும் ஒன்றென்றால் நாள். பிரகடனம் ஜூன் 16, உடன்படிக்கை ஜூலை 31, தூக்கு அக்டோபர் 24. எழுதியவுடன் வரிசை தானாக விழுந்துவிடும். மாதம் கிடைக்காத நிகழ்வை அந்த ஆண்டின் நடுவில் ஊகமாகச் செருக வேண்டாம். கோட்டுக்குக் கீழே தனியாக எழுதி, மாதம் தெரியவில்லை என்று குறித்தால் போதும்.

## அறிகுறி 3: விளைவு பல ஆண்டு முந்திவிட்டது

கண்டுபிடிக்கச் சுலபமான பிழை இது. காரணத்தைத் தேடத்தான் கொஞ்சம் நேரமாகும். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய ஒரு சார்ட்டில் இப்படி இருந்தது:

1886 – திருவிதாங்கூருடன் ஒப்பந்தம்
1895 – அணை திறப்பு
1936 – தாது வருஷப் பஞ்சம்
1959 – வைகை அணை

பக்கத்தில் ஓர் அம்புக்குறி: ‘பஞ்சத்தால் அணை கட்டப்பட்டது.’ நாற்பத்தொரு ஆண்டு கழித்து வரப்போகிற பஞ்சத்துக்காக முன்கூட்டியே அணை கட்டியிருக்கிறார்கள். “பாட்டிதேன் சொன்னாங்க சார், தாது வருஷம்னு. நான் செல்போன்ல போட்டுப் பார்த்தேன், 1936ன்னு வந்துச்சு” என்றான் அந்தப் பையன். பாட்டி சொன்னது சரி. செல்போன் சொன்னதும் பொய் இல்லை.

முதல் சோதனை: அறுபதைக் கழித்துப் பாருங்கள். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது 1876–77இல் வந்தது, 1936–37இல் வந்தது, 1996–97இலும் வந்தது. பஞ்சத்தின் தாது முதலாவது. காலக்கோட்டில் ஒரு நிகழ்வு கிட்டத்தட்ட அறுபது ஆண்டு தள்ளி நின்றால், மூல ஆதாரம் தமிழ் ஆண்டுப் பெயரில் இருந்ததா என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்னது, பழைய பத்திரம், கோவில் சுவரில் பதித்த கல் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தமிழ் ஆண்டு சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், தை மாசி பங்குனியில் நடந்தது அடுத்த ஆங்கில ஆண்டில் போய் விழும். ஓராண்டு இடறல் பல இதனால் வருவதுதான்.

இரண்டாம் சோதனை: தேதி தொடக்கமா, முடிவா? 1936ஐ 1876 என்று மாற்றியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. அணை வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. நீண்டு நடந்த ஒன்றைக் கோட்டில் ஒரே புள்ளியாக வைத்தால், ஒரு பிள்ளை தொடக்கத்தையும் இன்னொரு பிள்ளை முடிவையும் எடுப்பார்கள், இரண்டையும் ஒப்பிட முடியாது. புள்ளிக்குப் பதில் பட்டையாக வரையச் சொல்லுங்கள். 1 செ.மீ.க்கு 2 ஆண்டு என்ற அளவில் அணையின் பட்டை 4 செ.மீ. வரும். ஒப்பந்தம் கையெழுத்தான 1886 அக்டோபர் 29 அந்தப் பட்டைக்கு வெளியே, இடது பக்கம் விழ வேண்டும். உள்ளே விழுந்தால் எங்கோ எண் பிசகியிருக்கிறது.

மூன்றாம் சோதனை, கொஞ்சம் செலவு பிடிப்பது: காரணம் என்று சொன்னதற்கு முன்பே விளைவின் தடயம் இருக்கிறதா? இப்போது வரிசை பஞ்சம், ஒப்பந்தம், அணை என்று அழகாக வந்துவிட்டது. இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பஞ்சத்தில் பிறந்ததில்லை. இராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை 1789இலேயே அதற்காக ஆள் அனுப்பிப் பார்த்தவர். 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் இடத்தைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதினார். இந்த இரண்டையும் கோட்டில் ஏற்றிய பிறகு ‘பஞ்சத்தால் அணை’ என்ற அம்பு அப்படியே நிற்காது. பழைய யோசனைக்கு அவசரம் கொடுத்தது பஞ்சம் என்று எழுதலாம். அம்புக்கு மேலே ஒரு சொல் எழுதச் சொல்வது இதற்காகத்தான். ‘யோசனை’, ‘அவசரம்’, ‘அனுமதி’, ‘பணம்’ இவற்றில் எது என்று எழுதும்போது பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிடும்.

## அறிகுறி 4: தேதி எல்லாம் சரி, ‘அதனால்’ மட்டும் இடிக்கிறது

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். எண்ணை மட்டும் பார்க்கிறவர் இந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுவார். மதுரை ஆலயப் பிரவேசம் பற்றி வருகிற காலக்கோடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அப்படி ஒன்று:

1924 – வைக்கம் போராட்டம்
1934 – காந்தி மதுரை வருகை, மீனாட்சி அம்மன் தரிசனம்
1936 – திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம்
1939 – ஆலயப் பிரவேசச் சட்டம்
1939 – மதுரை ஆலயப் பிரவேசம்

ஒவ்வொன்றுக்கும் நடுவே கீழ்நோக்கி ஓர் அம்பு. எண்கள் ஏறுமுகம். அறிகுறி 1க்கான சோதனையில் தேறிவிடும்.

கீழிருந்து மேலாகப் போங்கள். கடைசி இரண்டும் ஒரே ஆண்டு என்பதால் மாதம் கேட்க வேண்டும். அ. வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8. அதன் பிறகு, அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பரில் அது முறையான சட்டமானது. ஆக, சட்டம் கீழே போக வேண்டும், பிரவேசம் மேலே வர வேண்டும்.

பிள்ளைகள் ஏன் திருப்பி எழுதுகிறார்கள் என்றால், சட்டம் வந்தால்தான் நடக்கும் என்ற பழக்கப்பட்ட நினைப்பு. தேதி கையில் இல்லாதபோதும் இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1939 சட்டம் இனிமேல் நுழைய அனுமதிப்பதோடு நிற்கவில்லை, ஏற்கெனவே அனுமதித்த அதிகாரிகள் மேல் வழக்கு வராமல் காப்பும் தந்தது. அன்று கோவிலின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் ஆர்.எஸ். நாயுடு. நடக்காத ஒன்றுக்குக் காப்பு எதற்கு? நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுகிற சட்டம் அந்த நிகழ்வுக்குப் பின்னால்தான் வர முடியும்.

அடுத்த சோதனை, செய்தவர் அப்போது அந்த இடத்தில் இருந்தாரா என்பது. சட்டத்தைக் கொண்டுவந்தது ராஜாஜி அமைச்சரவை. அது 1937 ஜூலையில் பதவியேற்றது, உலகப்போரை ஒட்டி 1939 அக்டோபரில் விலகியது. சட்டத்தை விலகலுக்குப் பிறகு வைத்த தாள்களும் வரும். அமைச்சரவையின் விலகல் போர் பற்றிய பாடத்தில் இருப்பதால் பிள்ளை அதைத் தனியாக எடுத்து மேலே வைத்துவிடுகிறது. அமைச்சரவைக்கு ஒரு பட்டை வரைந்து, சட்டம் அந்தப் பட்டைக்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

1936க்கும் 1939க்கும் நடுவே உள்ள அம்புக்கு வேறு கேள்வி: அங்கே போட்ட ஆணை இங்கே செல்லுமா? திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் சமஸ்தானத்துக் கோவில்களுக்கு மட்டும். மதுரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே அந்தப் பிரகடனத்தின்படி மதுரைக் கோவில் திறக்கப்பட்டது என்று எழுத முடியாது. அங்கே நடந்தது இங்கே துணிவு தந்தது என்று எழுதலாம், அம்பைப் புள்ளிக் கோடாக்கி.

வைக்கத்திலிருந்து வருகிற அம்பு இன்னும் நீளம். வைக்கத்தில் கேட்டது கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கிற உரிமை. மதுரையில் கேட்டது உள்ளே நுழைகிற உரிமை. நடுவே பதினைந்து ஆண்டு. பத்தாண்டுக்கு மேல் தாண்டுகிற எந்த அம்புக்கும் நடுவில் ஒரு நிகழ்வாவது தாங்கலாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பேன். இங்கே 1932 செப்டம்பரின் பூனா ஒப்பந்தமும், அதை அடுத்துத் தொடங்கிய அரிசன சேவா சங்கமும் அந்த இடத்தில் வரும். வைத்தியநாத அய்யர் அந்தச் சங்கத்தின் பணியில் இருந்தவர் என்பதால் இது வெறும் ஒட்டுப் போடுதல் ஆகாது.

மிச்சம் 1934. காந்தி அந்த ஆண்டு மதுரைக்கு வந்தது உண்மை. கோவிலுக்குள் போனார் என்பது தவறு. எல்லோருக்கும் திறக்காத கோவிலுக்குள் அவர் போகவில்லை, 1946இல்தான் போனார். மாணவர் இரண்டு வருகையையும் ஒன்றாக்கிவிட்டார். இதன் விலை பெரிது. தரிசனத்தை 1934இல் வைத்தால் அது பிரவேசத்துக்குக் காரணம்போலத் தெரிகிறது, சரியான இடமான 1946இல் வைத்தால் அது பிரவேசத்தின் விளைவு. ஒரே பதிவு, பன்னிரண்டு ஆண்டு நகர்ந்ததும் அம்பு தலைகீழாகிறது. ஒரே ஆள் ஒரே ஊருக்குப் பலமுறை வந்த கதைகளில் ஒவ்வொரு வருகைக்கும் தனிச் சீட்டு போடச் சொல்லுங்கள். காந்தி அரையாடைக்கு மாறிய 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை வருகை இன்னொரு சீட்டு. அதற்கும் கோவிலுக்கும் அம்பு வேண்டாம்.

திருத்திய கோடு இப்படி இருக்கும்:

1924–25 – வைக்கம் போராட்டம்
1932 செப்டம்பர் – பூனா ஒப்பந்தம், அரிசன சேவா சங்கம்
1934 – காந்தி மதுரை வருகை, கோவிலுக்குள் செல்லவில்லை
1936 நவம்பர் 12 – திருவிதாங்கூர் பிரகடனம்
1937 ஜூலை – ராஜாஜி அமைச்சரவை
1939 ஜூலை 8 – மதுரை ஆலயப் பிரவேசம்
1939 ஜூலை – அவசரச் சட்டம்
1939 செப்டம்பர் – சட்டம்
1939 அக்டோபர் – அமைச்சரவை விலகல்
1946 – காந்தி கோவிலுக்குள் செல்லுதல்

அக்டோபர் விலகலுக்கு மேலிருந்து அம்பு எதுவும் வராது. அது போரின் விளைவு. கோட்டில் அடுத்தடுத்து நிற்பதாலேயே அம்பு போட வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அம்பு இல்லாத பதிவும் கோட்டில் இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 5: இரண்டு புத்தகம், இரண்டு தேதி

அச்சுப் பிழையா என்று பார்ப்பது முதலில். அதே புத்தகத்தின் வேறு பக்கத்தில் அந்த நிகழ்வு மறுபடி வந்தால் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

அது இல்லையென்றால் இரண்டு புத்தகமும் இரண்டு வேறு நிகழ்வுக்குத் தேதி சொல்கின்றனவா என்று பாருங்கள். மதுரை சுல்தானகம் முடிந்தது ஒரு புத்தகத்தில் 1371, இன்னொன்றில் 1378. விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்பை முடிவாக எடுப்பவர்கள் முதலாவதைச் சொல்கிறார்கள். கடைசி சுல்தானின் நாணயங்கள் 1378 வரை கிடைப்பதை வைத்து மற்றவர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள். மாணவரின் தாளில் இரண்டையும் அதன் பெயரோடு எழுதினால் சண்டை இல்லை. தேர்வுத் தாளில் மட்டும் பாடப்புத்தகம் சொல்வதை எழுதிவிட வேண்டியதுதான்.

கல்வெட்டு, பழைய ஆவணம் என்று போனால் சக ஆண்டு வரும். 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், ஆனால் மாதத்தைப் பொறுத்து ஒன்று கூடலாம். அந்த ஓராண்டு கோட்டில் உங்கள் வரிசையை மாற்றவில்லை என்றால் விட்டுவிடலாம். காரணமும் விளைவும் இடம் மாறும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் நாமாகக் கணக்குப் போடுவதை அங்கே நிறுத்திவிட வேண்டும்.

அந்த இடத்தில்தான் தெரிந்தவரிடம் போக வேண்டும். முதலில் பள்ளி வரலாற்று ஆசிரியர், அவரிடம் தீராவிட்டால் கல்லூரி வரலாற்றுத் துறை. கல்வெட்டு என்றால் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவரே வேண்டும், பொதுவான வரலாற்று ஆசிரியரை இதில் சங்கடப்படுத்த வேண்டாம். விடுதலைப் போராட்டக் காலம் என்றால் தமுக்கத்தை ஒட்டிய காந்தி நினைவு அருங்காட்சியக நூலகம், பொதுவான தேடலுக்குப் புதுநத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். அரசாணை, சட்டத்தின் மூலப் பிரதி வரை போக வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பள்ளிக் கண்காட்சிச் சார்ட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, மாவட்ட அளவிலான போட்டிக்கு ஆய்வுத் திட்டமாகக் கொடுப்பதென்றால் போகலாம்.

யாரிடம் போனாலும் முழுச் சார்ட்டையும் சுருட்டிக் கொண்டுபோய் “சரியா பாருங்க சார்” என்று நீட்டாமல், இடிக்கிற இரண்டு சீட்டு, அவற்றை எடுத்த புத்தகத்தின் பெயர், பக்க எண் மூன்றையும் கொண்டு போகச் சொல்லுங்கள்.